எல்டிஏ வரிவிலக்கு: எந்தப் பயணத்துக்கு, யாருக்கு, எவ்வளவு, எந்த பிளாக்கில்?

எல்டிஏ, அதாவது விடுமுறைப் பயணப் படி, உங்கள் சிடிசியில் வருஷத்துக்கு 60,000 ரூபாய் என்று போட்டிருந்தால் அந்த 60,000 முழுவதும் வரியில்லாமல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றுலாவுக்குப் போன மொத்தச் செலவையும் காட்டினால் போதும் என்று வேறு சிலர் ஹோட்டல் பில், சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் கணக்குப் பிரிவு அதில் பாதியை வெட்டியதும் கோபப்படுகிறார்கள். இரண்டுமே தவறான கணக்கு. இந்த விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் இந்தியாவுக்குள் போன பயணத்துக்கு, நான்கு வருஷத்தில் இரண்டு முறைதான். இந்த மூன்றில் எங்கே இடறுகிறார்கள் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள்

வருமான வரிச் சட்டம் 1961-ன் பிரிவு 10(5) தரும் விலக்கு இது. கணக்கிடும் முறை விதி 2B-யில் இருக்கிறது. புதிய வரி முறையில், அதாவது 115BAC-யில் இருந்தால் இந்த விலக்கு கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் தானாக வரும் முறை, அதனால் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால் அலுவலகம் புதிய முறைப்படிதான் டிடிஎஸ் பிடிக்கும், டிக்கெட்டை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் பயனில்லை.

எல்டிஏ ஒன்றுக்காக மட்டும் பழைய முறைக்குப் போகாதீர்கள். வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி, 80C, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்துப் போட்டு இரண்டு முறையிலும் வரியைக் கணக்கிட்டு, பழைய முறை லாபம் என்று வந்தால் மட்டும் மேலே படியுங்கள். 2025-26-ல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால், சம்பளம் அந்த அளவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

பழைய முறைதான் என்று முடிவானால், பே ஸ்லிப்பிலோ சம்பள அமைப்புக் கடிதத்திலோ எல்டிஏ என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலக்கு கேட்க வழியில்லை, சொந்தப் பணத்தில் எவ்வளவு பயணம் போயிருந்தாலும் சரி. இருந்தால், அதை மாதாமாதம் தருகிறார்களா அல்லது நீங்கள் கேட்கும்போது மொத்தமாகத் தருகிறார்களா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் கேட்காத வருஷத்துத் தொகை சேர்ந்துகொண்டே போகும், சிலவற்றில் மார்ச்சில் வரி பிடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். பயணமே போகாமல் கைக்கு வந்த எல்டிஏ சாதாரணச் சம்பளம் மாதிரிதான், முழுவதுக்கும் வரி உண்டு.

பிளாக்கை எண்ணுவது எப்படி

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். பிளாக் என்பது நான்கு காலண்டர் வருஷங்கள், நிதியாண்டு அல்ல. 2022 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை ஒரு பிளாக். 2026 முதல் 2029 வரை அடுத்தது. இது எல்லோருக்கும் பொதுவானது, நீங்கள் வேலையில் சேர்ந்த தேதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2024-ல் முதல் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் 2022-25 பிளாக்தான்.

ஒரு பிளாக்கில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு உண்டு. அந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்தாமல் விட்டிருந்தால், ஒரு பயணத்தை மட்டும் அடுத்த பிளாக்கின் முதல் வருஷத்துக்கு எடுத்துப் போகலாம். 2022-25-ல் ஒரு முறைகூடக் கேட்காதவர் அந்த இரண்டையும் 2026-க்கு எடுத்துப் போக முடியாது, ஒன்றுதான். அந்த ஒன்றும் 2026 டிசம்பர் 31-க்குள் போன பயணமாக இருக்க வேண்டும், 2027-க்குத் தள்ளினால் போய்விட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் உண்டு. 2026-ல் இப்படிப் போகும் பயணம் 2026-29 பிளாக்கின் இரண்டு பயணங்களில் சேராது. அந்த இரண்டும் அப்படியே இருக்கும். அதாவது மிச்சம் வைத்திருப்பவருக்கு 2026 முதல் 2029 வரை மொத்தம் மூன்று பயணங்கள் கிடைக்கும்.

பிளாக் காலண்டர் வருஷத்தில் ஓடுகிறது, வரி நிதியாண்டில் ஓடுகிறது. 2026 ஜனவரியில் போன பயணம் பிளாக் கணக்குக்கு 2026, ஆனால் வரிக் கணக்குக்கு 2025-26 நிதியாண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால், அதற்குப் பிறகு போகும் பயணத்துக்குப் பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறியிருக்கும். அலுவலகம் தரும் படிவத்தில் என்ன எண் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது 2026 ஜனவரிப் பயணம், அதனால் எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின் எண்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்குச் சொந்த ஊர்ப் பயணத்துக்கு இரண்டு வருஷ பிளாக் என்று தனி விதிகள் உண்டு. அது அவர்களுக்குப் பணம் எப்போது கிடைக்கும் என்பதைப் பற்றிய விதி, தனியார் நிறுவனத்தில் இருப்பவர் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கணக்குக்கு ஒரு குடும்பம்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். கட்டணங்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை. எல்டிஏ வருஷத்துக்கு 60,000, கேட்கும்போது மொத்தமாகத் தருகிறார்கள். பழைய வரி முறை, 30 சதவீத வரம்பு. 2022-25 பிளாக்கில் 2023-ல் ஒரு முறை கேட்டிருக்கிறார், அதுவும் முந்தைய நிறுவனத்தில். ஒன்று மிச்சம்.

2026 பொங்கல் விடுமுறையோடு மூன்று நாள் லீவு சேர்த்து, அவர், கணவர், மகன், கூடவே இருக்கும் வருமானமில்லாத அம்மா, மாமியார் என்று ஐந்து பேர் கிளம்புகிறார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் ஆக்ரா பார்த்துவிட்டு ஜெய்ப்பூர், ஜெய்ப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம். டெல்லி டிக்கெட் ஆளுக்கு 6,500. ஜெய்ப்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட் ஆளுக்கு 7,200. கார் 14,000, ஹோட்டல் 38,000. மொத்தம் 1,20,500 ரூபாய். இதில் எவ்வளவுக்கு விலக்கு?

யாருடைய டிக்கெட் சேரும்

கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இருவகையினரும் சேர்வார்கள், அவர்கள் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதனால் கணவர் சம்பாதிப்பவராக இருந்தாலும் அவர் டிக்கெட் சேரும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்றால் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ உங்களைச் சார்ந்து வாழ்பவர்களாக இருக்க வேண்டும். நல்ல ஓய்வூதியம் வாங்கும் அப்பாவைச் சேர்த்தால் கேள்வி வரும். 1998 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் இருவருக்கு மேல் கிடையாது, முதல் பிள்ளைக்குப் பிறகு இரட்டையர் பிறந்திருந்தால் அதற்கு மட்டும் தளர்வு உண்டு.

மாமியார், மாமனார், மைத்துனர், நாத்தனார் யாரும் இந்தச் சட்டத்தின் குடும்பத்தில் வரமாட்டார்கள், எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தாலும். ஆகவே நம் கணக்கில் மாமியார் டிக்கெட் கழிந்துவிடும். ஐந்து பேரில் நான்கு பேர்தான்.

கணவருக்கும் அவர் அலுவலகத்தில் எல்டிஏ இருந்தால், தன் அம்மாவின் டிக்கெட்டை அவர் அங்கே கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம்தான், அந்த அம்மா அவரைச் சார்ந்தவர், அவரும் லீவு எடுத்துப் போயிருக்கிறார். ஆனால் அப்படிக் கேட்டால் பிளாக்கில் அவருடைய இரண்டு பயணங்களில் ஒன்று ஒரே ஒரு டிக்கெட்டுக்காகச் செலவாகிவிடும். எனக்குக் கேட்டால், விட்டுவிடுவது மேல். கணவன் மனைவி இருவருக்கும் எல்டிஏ இருந்தால் ஒரு வருஷம் இவர், அடுத்த வருஷம் அவர் என்று முழுக் குடும்பத்துக்கும் கேட்பதுதான் சரியான முறை. நான்கு வருஷத்தில் நான்கு பயணத்துக்கும் விலக்கு வந்துவிடும். ஒரே டிக்கெட்டை இருவரும் கேட்பது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று, ஊழியர் போகாமல் குடும்பம் மட்டும் போன பயணத்துக்கு விலக்கு இல்லை. லீவு எடுத்து நீங்கள் போக வேண்டும், குடும்பம் உங்களோடு வரலாம் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை.

எவ்வளவு கட்டணம் சேரும்

விலக்குத் தொகைக்கு மூன்று வரம்புகள், அவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அலுவலகம் கொடுத்த எல்டிஏ, நீங்கள் உண்மையாகவே கொடுத்த கட்டணம், விதி 2B சொல்லும் உச்ச வரம்பு.

விமானத்தில் போனால் உச்ச வரம்பு என்பது, சேரும் இடத்துக்கு மிகக் குறுகிய வழியில் தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்துக்குப் போய்விட்டாலும், ஏர் இந்தியாவின் எகானமி கட்டணத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் அலுவலகங்கள் உண்டு. நீங்கள் வேறு நிறுவனத்தின் விமானத்தில் போயிருந்தாலும் பரவாயில்லை, தொகை இந்த அளவுக்குள் இருந்தால் போதும். பிசினஸ் வகுப்பில் போனால் எகானமி கட்டணம் வரைதான் கிடைக்கும், அதனால் டிக்கெட் எடுக்கும் அன்றே அந்த வழிக்கான எகானமி கட்டணம் தெரியும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

விமானம் அல்லாமல் ரயிலிலோ காரிலோ பஸ்ஸிலோ போனால், ரயில் போகிற ஊராக இருந்தால், குறுகிய வழியில் ஏசி முதல் வகுப்பு ரயில் கட்டணம்தான் வரம்பு. ரயில் இல்லாத ஊராக இருந்து அங்கே அங்கீகரிக்கப்பட்ட பொதுப் போக்குவரத்து இருந்தால் அதன் முதல் வகுப்பு அல்லது டீலக்ஸ் கட்டணம். அதுவும் இல்லையென்றால் அந்தத் தூரத்துக்கு ரயிலில் ஏசி முதல் வகுப்பில் போனால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. இது உச்ச வரம்புதான், ஸ்லீப்பரில் போய்விட்டு ஏசி முதல் வகுப்புக் கட்டணத்தைக் கேட்க முடியாது. கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான். வாடகைக் கார் என்றால் பெயர், தேதி, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் உள்ள முறையான பில் வேண்டும். சொந்தக் காரில் போய்ப் பெட்ரோல் பில் கொடுத்தால் ஏற்க மறுக்கும் அலுவலகங்கள் நிறைய, போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுற்றிப் பார்த்த கார், நுழைவுக் கட்டணம் எதுவும் சேராது. விமான டிக்கெட்டிலேயே கூட, இருக்கை தேர்வு, சாப்பாடு, பயணக் காப்பீடு என்று தனியாகச் சேர்த்த தொகைகளைக் கழித்துவிட்டுக் கட்டணத்தையும் அதன் மேல் வரும் வரிகளையும் மட்டும் கேளுங்கள். ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பிடித்த தொகைக்கும் விலக்கு இல்லை, ஏனென்றால் பயணமே நடக்கவில்லை. டிராவல்ஸ் மூலமாக பேக்கேஜில் போகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். ஒரே தொகையாகப் பில் வந்தால் அதில் கட்டணம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. பணம் கட்டும் முன்பே கட்டணத்தைத் தனியாகக் காட்டிய பில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நம் குடும்பத்துக்கு வருவோம். பல ஊர்களைச் சுற்றினால், கிளம்பிய இடத்திலிருந்து மிகத் தொலைவான ஊருக்குக் குறுகிய வழியில் போய்த் திரும்பும் கட்டணம்தான் கணக்கு. சென்னையிலிருந்து பார்த்தால் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றில் டெல்லிதான் தொலைவு. ஆகவே டெல்லியிலிருந்து ஆக்ரா வழியாக ஜெய்ப்பூர் போன கார் வாடகை 14,000 சேராது. போகும் டிக்கெட் 6,500 அப்படியே சேரும். திரும்பியது ஜெய்ப்பூரிலிருந்து, அதற்குக் கொடுத்தது 7,200. அன்றைக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு நேர் எகானமி கட்டணம் 6,900 என்று வைத்தால், 6,900 வரைதான்.

ஆளுக்கு 13,400, நான்கு பேருக்கு 53,600. எல்டிஏ 60,000. குறைவானது 53,600, அதுதான் விலக்கு. மீதி 6,400 சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 31.2 சதவீதம், ஆக மிச்சமாவது சுமார் 16,700 ரூபாய். செலவு 1,20,500, மிச்சம் 16,700. எல்டிஏ இருக்கிறதே என்பதற்காகப் பயணம் கிளம்புவதில் அர்த்தமில்லை, எப்படியும் போகிற பயணத்துக்குக் கேட்பதுதான் நியாயம். இவருடைய எல்டிஏ 40,000-தான் என்றால் விலக்கும் 40,000-தோடு நின்றிருக்கும்.

வெளிநாட்டுக் கால் நீட்டினால்

அந்தமானுக்கு விமானத்தில் போனால் சேரும், அது இந்தியா. கொழும்புக்குப் போனால் சேராது. சரி, இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்து, இந்தியப் பகுதிக்கு மட்டும் கேட்டால்? இதே கேள்வி பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியிலிருந்து மதுரைக்கு என்று காட்டிவிட்டு, மதுரையிலிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் சுற்றிக்கொண்டு டெல்லி திரும்பியது அந்தப் பயணம். 2022 நவம்பர் 4 அன்று வந்த தீர்ப்பு, இந்தியாவில் ஓர் இடத்திலிருந்து இந்தியாவில் இன்னோர் இடத்துக்குக் குறுகிய வழியில் போவதற்குத்தான் விலக்கு, வெளிநாட்டுச் சுற்று சேர்ந்த பயணத்துக்கு இல்லை, வங்கி டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு எந்தக் கணக்குப் பிரிவும் இதில் இறங்கி வராது. ஆகவே வெளிநாடு போகும் பயணத்தை எல்டிஏ கேட்கும் பயணத்தோடு கலக்காதீர்கள்.

கேட்பது, தவறினால் பிறகு கேட்பது

லீவு விண்ணப்பத்தில் இருக்கும் தேதிகளும் டிக்கெட்டின் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். நம் கணக்கில் வருகிற பெண் பொங்கல் விடுமுறையோடு மூன்று நாள் முறையாக லீவு போட்டிருக்கிறார், அதனால் சிக்கல் இல்லை. சனி ஞாயிறில் போய்வந்துவிட்டு லீவே போடாமல் கேட்டால் நிராகரிப்பார்கள். ஈட்டிய விடுப்பாகத்தான் இருக்க வேண்டும், இத்தனை நாளாவது இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் கொள்கை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு படிவம் 12BB. வாடகைப் படி, கடன் வட்டி எல்லாவற்றுக்கும் கொடுக்கும் அதே படிவம்தான், அதில் விடுமுறைப் பயணத்துக்கென்று ஒரு பகுதி இருக்கும். தொகையை எழுதி, டிக்கெட், போர்டிங் பாஸ், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். முன்பெல்லாம் நிறுவனம் இந்த ஆதாரங்களை வாங்கிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2009-ல் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. 2015 நிதிச் சட்டம் 192(2D) என்ற பிரிவைச் சேர்த்து அதை மாற்றிவிட்டது, 2016 ஜூன் முதல் இந்தப் படிவம் வந்தது. அதனால் ஆதாரம் கேட்டு ஹெச்.ஆர் நச்சரிப்பது அவர்களுடைய பிடிவாதம் இல்லை, சட்டம் அவர்கள் மேல் வைத்த கடமை. போர்டிங் பாஸை ஃபோனில் வந்த அன்றே சேமித்து வையுங்கள், சில நாளில் விமான நிறுவனத்தின் ஆப்பில் இருந்து அது மறைந்துவிடும்.

ஃபார்ம் 16 வந்ததும் பகுதி B-யில் 10(5) என்ற வரியைத் திறந்து பாருங்கள், 53,600 அங்கே இருக்க வேண்டும். அது ரிட்டர்னிலும் அப்படியே வரும். அலுவலகம் வைத்த கடைசித் தேதியைத் தவறவிட்டதால் அங்கே பூஜ்யம் என்று இருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. எல்டிஏ என்ற பெயரில் பணம் வந்திருக்கிறது, தகுதியான பயணமும் அதே நிதியாண்டில் நடந்திருக்கிறது என்றால், ரிட்டர்னில் விலக்குப் பெற்ற படிகள் பகுதியில் Sec 10(5) என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்களே கேட்கலாம். பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கடைசித் தேதிக்குள், சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஃபார்ம் 16-க்கும் ரிட்டர்னுக்கும் தொகை வேறுபடுவதால் துறையிலிருந்து விளக்கம் கேட்டு வரலாம், அப்போது காட்டுவதற்கு டிக்கெட்டும் லீவு அனுமதி மின்னஞ்சலும் கையில் இருக்க வேண்டும்.

வேலை மாறுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு பயணம் என்ற எண்ணிக்கை உங்களைச் சேர்ந்தது, நிறுவனத்தைச் சேர்ந்ததல்ல. 2023-ல் பழைய அலுவலகத்தில் கேட்டது புதிய அலுவலகத்தின் கணினிக்குத் தெரியாது, அது இரண்டு பயணம் மிச்சம் என்றே காட்டும். அதை நம்பிக் கூடுதலாக ஒன்று கேட்டால் பின்னால் வரியும் வட்டியும் கட்டுவது நீங்கள்தான். அதனால் கேட்ட ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, தொகை, எந்த நிறுவனம், எந்த பிளாக் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள், புதிய இடத்தில் எல்டிஏ கேட்கும்போது அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நம் கணக்கில் வருகிற பெண்ணின் குறிப்பில் 2023 பயணத்துக்குக் கீழே, 2026 ஜனவரி, 53,600, முந்தைய பிளாக்கிலிருந்து எடுத்து வந்தது என்று இருக்கும். 2026-29-க்கு அவருக்கு இன்னும் இரண்டு பாக்கி.